தூய பிறப்பு நிகழ்முறையில் சராசரி எதைக் குறிக்கிறது?

கேள்வியின் வடிவம்

ஒரு தொகுதியில் உள்ள ஒவ்வோர் உயிரும் மற்றவற்றைப் பொருட்படுத்தாமல், தன் வயதையும் பொருட்படுத்தாமல், எக்கணத்திலும் ஒரே வீதத்தில் இரண்டாகப் பிளக்கிறது என்றும், எதுவும் இறப்பதில்லை என்றும் கொண்டால், அத்தொகுதியின் வளர்ச்சியை நிகழ்தகவுக் கணிதம் தூய பிறப்பு நிகழ்முறை என்று அழைக்கிறது. 'தூய' என்னும் அடைமொழி இறப்பு விலக்கப்பட்டதைக் குறிப்பதே தவிர வேறு சிறப்பு எதையும் குறிப்பதன்று. இந்நிகழ்முறையின் சராசரி எண்ணிக்கை e^(λt) என்ற அடுக்குக்குறி வளர்ச்சியைப் பின்பற்றுகிறது என்பது எல்லாப் பாடநூல்களிலும் முதல் பக்கத்திலேயே கிடைக்கும் முடிவு. தற்செயலுக்கு இடமே தராத பழைய வளர்ச்சிச் சமன்பாடும் இதே விடையைத் தருவதால், தற்செயலைச் சேர்த்துக்கொண்டதால் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி, சராசரி என்ற அந்த ஒற்றைக் கோட்டை ஒரு தனித் தொகுதியின் வரலாறாக வாசிக்கலாமா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இந்நிகழ்முறை பிரித்தானியப் புள்ளியியலாளர் ஜார்ஜ் உட்னி யூலின் பெயராலும் அறியப்படுகிறது. 1925இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான அவருடைய நீண்ட ஆய்வுரை பாக்டீரியாக்களைப் பற்றியது அன்று; தாவரப் பேரினங்களில் சிற்றினங்கள் எவ்வாறு பெருகின என்பதைப் பற்றியது. அதற்குத் தூண்டுதலாக இருந்தவர் 1896 முதல் 1912 வரை இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஜான் கிறிஸ்டோபர் வில்லிஸ். இலங்கைத் தாவரங்களின் பரவலை ஆராய்ந்து அவர் எட்டிய முடிவுகளுக்கு யூல் கணித வடிவம் கொடுக்க முயன்றார். அந்த முயற்சிக்கு இக்கட்டுரையின் இறுதிப் பகுதி திரும்பி வரும். அதற்கு முன் நிகழ்முறையின் உள்ளமைப்பைப் பார்த்தாக வேண்டும்.

சராசரி எவ்வாறு கிடைக்கிறது

'நிலையான வீதம்' என்பதன் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. வீதத்தை λ என்ற எழுத்தால் குறித்தால், மிகச் சிறிய dt அளவுக் காலத்தில் ஓர் உயிர் பிளப்பதற்கான நிகழ்தகவு λdt ஆகும்; அது பிறந்து ஒரு நொடி ஆயிற்றா, ஒரு நாள் ஆயிற்றா என்பது இந்த அளவை மாற்றுவதில்லை. ஆகவே ஒரு தனி உயிர் பிளக்காமல் t காலம் வரை அப்படியே இருப்பதற்கான நிகழ்தகவு e^(−λt) ஆகவும், பிளப்பதற்குச் சராசரியாகக் காத்திருக்கும் காலம் 1/λ ஆகவும் அமைகின்றன.

இப்போது தொகுதியில் n உயிர்கள் இருந்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று அடுத்த dt காலத்தில் பிளப்பதற்கான நிகழ்தகவு nλdt. பிளவு ஒவ்வொன்றும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறது. எனவே எண்ணிக்கை n என்று தெரிந்த நிலையில் எதிர்பார்க்கப்படும் உயர்வு λn dt. இதை n பெறக்கூடிய எல்லா மதிப்புகளுக்கும் அவற்றின் நிகழ்தகவுகளுக்கு ஏற்பச் சராசரி எடுத்தால், M(t) என்ற சராசரியின் உயர்வு λM dt என்றாகி, ஓர் உயிரிலிருந்து தொடங்கிய தொகுதிக்கு

M(t) = e^(λt)

என்ற விடை கிடைக்கிறது. இங்கே தோராயம் எதுவும் இல்லை. உயர்வின் வீதம் n-க்கு நேர்விகிதத்தில் இருப்பதால்தான் n-இன் சராசரியை மட்டும் அறிந்தாலே போதுமாக இருக்கிறது. உணவுக்கான போட்டி நுழைந்து வீதத்தில் n²-ஐச் சார்ந்த ஓர் உறுப்பு சேர்ந்துவிட்டால், சராசரிக்கான சமன்பாடு n²-இன் சராசரியைக் கேட்கும், அது அடுத்ததைக் கேட்கும், அதன்பின் தற்செயலற்ற சமன்பாட்டோடு இந்த ஒற்றுமை நிலைக்காது.

இந்த எளிய விடையிலேயே ஒரு பொறி உள்ளது. ஒரு பாக்டீரியா பிளக்கச் சராசரியாக ஒரு மணி நேரம் ஆகும் என்றால், தொகுதி ஒரு மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று நினைப்பது இயல்பு. கடிகாரம் போலச் சரியாக ஒரு மணிக்கு ஒருமுறை பிளக்கும் உயிர்களுக்கு அது உண்மை. பத்து மணி நேரத்தில் அவை 1024 ஆகும். ஆனால் நிலையான வீதத்தில் பிளக்கும் உயிர்களின் சராசரி அதே பத்து மணி நேரத்தில் e^10, அதாவது ஏறக்குறைய 22,026 ஆகிவிடுகிறது. சராசரி இரட்டிக்கும் காலம் ஒரு மணி அன்று, 0.693 மணி, அதாவது ஏறத்தாழ 42 நிமிடம். காத்திருக்கும் காலத்தின் சராசரி இரண்டிலும் ஒன்றாக இருக்க, விளைவில் இருபது மடங்குக்கு மேல் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? முந்திப் பிளந்த உயிரின் இரு சேய்களும் முந்தியே பிளக்கத் தொடங்குகின்றன. அந்த ஆதாயம் தலைமுறைதோறும் பெருகுகிறது. பிந்திய உயிரோ தன் பங்கை மட்டுமே இழக்கிறது. ஆதாயத்துக்கும் இழப்புக்கும் இடையே உள்ள இந்தச் சமமின்மைதான் சராசரியை மேலே இழுக்கிறது. சராசரிக் காத்திருப்புக் காலத்தையும் இரட்டிக்கும் காலத்தையும் ஒன்றாகக் கொண்டு λ-வை மதிப்பிடுவது, ஆகவே, இந்தத் துறையில் மிக எளிதில் நேரக்கூடிய பிழை.

பரவலின் உருவம்

சராசரியைச் சுற்றி எண்ணிக்கை எவ்வளவு சிதறுகிறது என்பதை அறிய முழுப் பரவலும் தேவை. வழக்கமாக இதை எண்ணற்ற வகைக்கெழுச் சமன்பாடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்த்துப் பெறுவார்கள். ஆனால் அதைவிடச் சுருக்கமான ஒரு வழி உண்டு. ஓர் உயிரிலிருந்து தொடங்கும் தொகுதியில் முதல் பிளவுக்கான காத்திருப்பு λ வீதத்திலும், இரண்டாவது 2λ வீதத்திலும், n-ஆவது nλ வீதத்திலும் நிகழ்கின்றன. மறுபுறம், தேய்மானம் அறியாத n மின்விளக்குகளை ஒரே நேரத்தில் ஏற்றி, ஒவ்வொன்றும் λ வீதத்தில் அணைகிறது என்று கொள்வோம். முதல் விளக்கு அணையும் வரையிலான காத்திருப்பு nλ வீதத்திலும், அடுத்தது (n−1)λ வீதத்திலும், கடைசி விளக்குக்கானது λ வீதத்திலும் அமையும். இரண்டு வரிசைகளிலும் அதே காத்திருப்புகளே தலைகீழாக அடுக்கப்பட்டுள்ளன. எனவே அவற்றின் கூட்டுத்தொகைக்கு ஒரே பரவல்தான். t காலத்துக்குள் n பிளவுகள் முடிந்திருப்பதற்கான நிகழ்தகவும், அதே காலத்துக்குள் n விளக்குகளும் அணைந்திருப்பதற்கான நிகழ்தகவும் ஒன்றே. விளக்குகள் ஒன்றையொன்று சாராதவை என்பதால் பின்னதை உடனே எழுதிவிடலாம்:

P(N(t) > n) = (1 − e^(−λt))^n

இதுதான் முழுப் பரவல். எண்ணிக்கை சரியாக n ஆக இருப்பதற்கான நிகழ்தகவு e^(−λt)(1 − e^(−λt))^(n−1). அதாவது ஒவ்வோர் எண்ணுக்கும் முந்தைய எண்ணின் நிகழ்தகவு ஒரே காரணியால் குறைந்துகொண்டே போகும் பெருக்குத் தொடர்ப் பரவல். தொடர் இறங்கிக்கொண்டே போவதால், எத்தனை காலம் கடந்தாலும் மிகுந்த நிகழ்தகவுடைய தனி எண்ணிக்கை ஒன்று என்பதே. சராசரி இலட்சத்தைத் தொட்ட பிறகும், இலட்சத்துக்கு அருகிலுள்ள எந்த ஒரு தனி எண்ணைவிடவும் ஒன்று என்ற எண்ணே அதிக நிகழ்தகவு உடையது. அந்த நிகழ்தகவு மிகச் சிறியதாகிவிட்டது என்பது வேறு செய்தி.

λ மணிக்கு 1 என்றும், ஒரே பாக்டீரியா உள்ள தட்டைத் தொடங்கி மூன்று மணி நேரம் கழித்துப் பார்ப்பதாகவும் கொண்டு இதை எண்களில் காணலாம். சராசரி e³, அதாவது 20.1. திட்ட விலக்கம் 19.6, கிட்டத்தட்டச் சராசரிக்குச் சமம். நூறு தட்டுகளைத் தொடங்கினால் ஏறத்தாழ ஐந்தில் பாக்டீரியா இன்னும் பிளக்காமல் தனியாகவே இருக்கும். 64 தட்டுகளில் எண்ணிக்கை இருபதைத் தாண்டியிருக்காது. பாதித் தட்டுகளில் 14 அல்லது அதற்குக் குறைவாகவே இருக்கும். பதின்மூன்றில் நாற்பதைக் கடந்திருக்கும். நான்கைந்தில் அறுபதையும் கடந்திருக்கும். சராசரியை இருபதில் நிறுத்துவது பெரும்பான்மைத் தட்டுகள் அல்ல, அந்தச் சில பெரும் தட்டுகளே. 'வழக்கமான தட்டு' என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இருபதைக் காட்டுவதைவிடப் பதினான்கைக் காட்டுவது நேர்மையானது.

இச்சிதறலின் அளவை முதலில் நடைமுறைக் கேள்வியாக எதிர்கொண்டவர்கள் உயிரியலாளர்கள் மட்டுமல்லர். அண்டக் கதிரின் உயர் ஆற்றல் எலக்ட்ரான் ஒன்று ஈயத் தகட்டைத் துளைக்கும்போது துகள்களின் பொழிவாகப் பெருகுகிறது; அப்பெருக்கத்தின் ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்த வெண்டெல் ஃபர்ரி 1937இல் இதே பரவலைத் தம் எளிமையாக்கப்பட்ட மாதிரியிலிருந்து பெற்றார். துகள்கள் ஒன்றையொன்று சாராமல் எண்ணப்படும்போது பொருந்தும் பாய்சான் பரவலில் சராசரி 20 என்றால் திட்ட விலக்கம் 4.5 மட்டுமே, ஃபர்ரியின் பரவலில் அது 19.6. பொதுவான மூதாதையைக் கொண்ட துகள்கள் சாரா எண்ணிக்கைகள் அல்ல என்பதே இந்த வேறுபாட்டின் காரணம். உண்மையான பொழிவில் துகள் பிளக்கும்தோறும் ஆற்றலும் பங்கிடப்படுவதால் நிலையான வீதம் அங்கே நீடிப்பதில்லை. ஆற்றலையும் கணக்கில் எடுக்கும் முறையை 1950இல் ஹோமி பாபாவும், பின்னர் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த அல்லாடி ராமகிருஷ்ணனும் உருவாக்கினர்.

தற்செயல் தங்கும் இடம்

திட்ட விலக்கம் சராசரிக்குச் சமமாகவே நீடிக்கிறது என்பதற்கு, எண்ணிக்கை பெருகப் பெருகத் தற்செயலின் பங்கு குறையும் என்ற பொது நம்பிக்கை இங்கே செல்லுபடியாகவில்லை என்று பொருள். இது வியப்பாகத் தோன்றலாம். ஆயிரம் உயிர்கள் உள்ள தொகுதியில் தனி உயிர்களின் முந்தலும் பிந்தலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட வேண்டுமல்லவா? ஈடுசெய்யத்தான் செய்கின்றன. ஆயினும் அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

இதை விளக்க, எண்ணிக்கையைக் கேட்காமல் காலத்தைக் கேட்பது உதவும். ஒன்றிலிருந்து ஆயிரத்தை எட்ட 999 பிளவுகள் தேவை; அவற்றுக்கான சராசரிக் காத்திருப்புகள், λ = 1 எனில், 1, 1/2, 1/3 என்று தொடர்ந்து 1/999 வரை செல்கின்றன. மொத்தம் 7.48 மணி. சராசரி எண்ணிக்கையான e^t ஆயிரத்தைத் தொடுவதோ 6.91 மணியிலேயே. ஒரு தனித் தொகுதி ஆயிரத்தை எட்டும் சராசரி நேரம், சராசரி எண்ணிக்கை ஆயிரத்தை எட்டும் நேரத்தைவிட 0.577 மணி, அதாவது ஏறத்தாழ 35 நிமிடம் பிந்துகிறது. ஆயிரத்துக்குப் பதில் பத்து இலட்சத்தை எடுத்துக்கொண்டாலும் இதே 35 நிமிடம்தான். இவ்வெண் கணிதத்தில் ஆய்லர் மாறிலி எனப்படுவது.

காத்திருப்புகளின் மாறுபாட்டு அளவு, அதாவது திட்ட விலக்கத்தின் இருபடி, 1, 1/4, 1/9 என்று குறைகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 1.645. அதில் முதல் பிளவின் பங்கு மட்டும் 61 விழுக்காடு. முதல் மூன்று பிளவுகளின் பங்கு 83 விழுக்காடு. தொகுதி பெரிதான பிறகு நிகழும் எந்த ஏற்ற இறக்கமும் கணக்கில் எடுக்கத் தக்கதாக இல்லை. ஆனால் தொடக்கத்தில் கிடைத்த முந்தலோ பிந்தலோ அழிவதும் இல்லை. அது வளர்ச்சியோடு சேர்ந்து பெருகிக்கொண்டே வருகிறது. கணித மொழியில் சொன்னால், ஒரு தொகுதியின் எண்ணிக்கை நெடுங்காலத்தில் W·e^(λt) என்ற வடிவை அடைகிறது. W என்பது அத்தொகுதிக்கே உரிய, தொடக்கத் தலைமுறைகளில் நிலைபெற்றுப் பின்னர் மாறாத ஒரு தற்செயல் எண். அதன் சராசரி 1, பரவலோ மீண்டும் அடுக்குக்குறிப் பரவல். மடக்கைத் தாளில் வரைந்தால் எல்லாத் தொகுதிகளும் ஒரே சாய்வுள்ள இணைகோடுகளாகவே தெரியும். கோட்டின் உயரம் மட்டும் வேறுபடும்.

இதிலிருந்து ஆய்வகத்துக்கு உரிய ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. ஒற்றை பாக்டீரியாவிலிருந்து தொடங்கிய தட்டுகளின் எண்ணிக்கைகளைச் சராசரி எடுத்தால் e^(λt) கிடைக்கும். அவற்றின் மடக்கைகளைச் சராசரி எடுத்து மீண்டும் எண்ணிக்கையாக்கினால், போதிய காலம் கழிந்தபின், அதில் 56 விழுக்காடு மட்டுமே கிடைக்கும். மடக்கையில் குறைவது அதே 0.577தான். இரண்டு ஆய்வாளர்கள் ஒரே தட்டுகளைப் பார்த்து மாறுபட்ட 'சராசரி வளர்ச்சியை' அறிவிக்க இது ஒன்றே போதும். மாறாக, நூறு பாக்டீரியாக்களை ஒரே குடுவையில் இட்டுத் தொடங்கினால், அக்குடுவை நூறு தனித் தட்டுகளின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பதால், சிதறல் சராசரியில் பத்து விழுக்காட்டை மீறாது. பத்தாயிரத்தில் தொடங்கினால் ஒரு விழுக்காடு. பழைய வளர்ச்சிச் சமன்பாடு ஆய்வகங்களில் குறையின்றி வேலை செய்ததற்கு, தொடக்கத்திலேயே எண்ணிக்கை பெரிதாக இருந்ததுதான் காரணமே ஒழிய, இறுதியில் எண்ணிக்கை பெரிதானது காரணம் அன்று.

நிலையான வீதம் என்ற எடுகோள்

இவ்வளவும் வயது அறியாத உயிர்களைப் பற்றியவை. உண்மையான பாக்டீரியா அப்படிப்பட்டது அன்று. அடுக்குக்குறிக் காத்திருப்பில் பிளவு நிகழ மிகவும் வாய்ப்புள்ள தருணம் பிறந்த உடனேயே என்றாகிறது; ஆனால் மரபுப் பொருளை நகலெடுத்து முடிக்காமல் எந்த உயிரணுவும் பிளக்க முடியாது. தனி உயிரணுக்களை நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்துக் கெல்லியும் ரானும் 1932இல் வெளியிட்ட அளவீடுகளில் பிளவுக் காலங்கள் ஒரு நடு மதிப்பைச் சுற்றியே திரண்டிருந்தன.

டேவிட் கென்டல் 1948இல் முன்வைத்த திருத்தம் எளிமையானது. ஒவ்வோர் உயிரும் பிளப்பதற்கு முன் k படிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும், ஒவ்வொரு படியும் kλ வீதத்தில் முடிகிறது என்று கொண்டால், சராசரிக் காத்திருப்பு 1/λ என்பது மாறாமலே, தொகுதியின் வளர்ச்சி வீதம் kλ(2^(1/k) − 1) ஆகிறது. ஒரே படி எனில் இது λ; இருபது படிகள் எனில் 0.705λ, படிகள் எண்ணற்றுப் பெருகினால் கடிகாரப் பிளவுக்குரிய 0.693λ. முன்பு கண்ட 22,026-க்கும் 1024-க்கும் இடையிலான இடைவெளி முழுவதும் இந்தச் சூத்திரத்துக்குள் அடங்கிவிடுகிறது. எந்த மாதிரி பொருந்தும் என்பதைத் தொகுதியின் வளர்ச்சிக் கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஏனெனில் எல்லாம் அடுக்குக்குறியாகவே வளர்கின்றன. தனித்தனிப் பிளவுக் காலங்களை அளந்து, அவற்றின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்துப் பார்க்க வேண்டும்: விகிதம் 1 எனில் நிலையான வீதம், இருபது படிகளுக்கு அது 0.22. பாக்டீரியாவைப் பொறுத்தவரை, தூய பிறப்பு நிகழ்முறை வளர்ச்சியின் சாய்வை மிகைப்படுத்துவதோடு சிதறலையும் மிகைப்படுத்துகிறது என்று முடிவுகட்டலாம்.

யூலின் பேரினங்கள்

வயது அறியாமை குறையாக இல்லாத இடம் யூல் எடுத்துக்கொண்டதுதான். ஒரு சிற்றினம் புதிய சிற்றினத்தை ஈனுவதற்கு 'முதிர்ச்சி' தேவை என்று கருத வலுவான காரணம் இல்லை. தாய் இனம் நீடிக்கப் புதியது ஒன்று சேர்ந்தாலும் எண்ணிக்கை ஒன்று கூடுவதே நிகழ்வதால், பிளவுக்கான கணிதம் அப்படியே பொருந்துகிறது.

பெரும்பாலான பேரினங்கள் ஓரிரு சிற்றினங்களையே கொண்டிருக்க, மிகச் சில மட்டும் நூற்றுக்கணக்கானவற்றைக் கொண்டிருப்பதை வில்லிஸ் கண்டிருந்தார். 1922இல் வெளிவந்த 'வயதும் பரப்பும்' என்ற நூலில், பெரிய பேரினம் பழையது, சிறியது புதியது என்ற திசையில் அவர் வாதிட்டார். யூல் இதற்கு இரண்டு அடுக்குகள் கொண்ட மாதிரியை அமைத்தார்: பேரினத்துக்குள் சிற்றினங்கள் s வீதத்திலும், பேரினங்களே g வீதத்திலும் பெருகுகின்றன. பேரினங்கள் அடுக்குக்குறியாகப் பெருகுவதால், எந்த நேரத்தில் பார்த்தாலும் இளையவையே மிகுதி; வயதுகளின் பரவல் g வீதமுள்ள அடுக்குக்குறிப் பரவல். இந்த வயதுக் கலவையின் மீது முன்பு பெற்ற பெருக்குத் தொடரைப் பரப்பினால், ஒற்றைச் சிற்றினப் பேரினங்களின் பங்கு g/(g+s) என்று கிடைக்கிறது.

இரு வீதங்களும் சமம் என்ற எடுத்துக்காட்டில் கணக்கு மிக எளிதாகிறது: n சிற்றினங்கள் கொண்ட பேரினங்களின் பங்கு 1/(n(n+1)). பாதிப் பேரினங்களில் ஒரே சிற்றினம், ஆறில் ஒன்றில் இரண்டு, பன்னிரண்டில் ஒன்றில் மூன்று. இதன் சராசரியைக் கணக்கிட முயன்றால் 1/2 + 1/3 + 1/4 என்று முடிவின்றி வளரும் தொடரே கிடைக்கிறது. குறிப்பிட்ட ஒவ்வொரு வயதிலும் சராசரி உண்டு. எல்லா வயதுகளையும் கலந்தால் சராசரி இல்லை. உண்மை உலகில் காலம் முடிவுள்ளது என்பதால், T காலத்துக்குப் பிறகு சராசரி 1 + gT என்று அமையும். அதாவது அது பேரினங்களின் பொதுப் பண்பு எதையும் சொல்வதில்லை, கடிகாரம் எவ்வளவு நேரம் ஓடியது என்பதையே திருப்பிச் சொல்கிறது.

இம்மாதிரி வில்லிஸின் வாதத்துக்கு எவ்வளவு துணை நிற்கிறது? பரவலின் பொது உருவம் அவருடைய பட்டியல்களோடு பொருந்தியது உண்மையே. ஆயினும் ஒரே வயதுடைய பேரினங்களிடையே சிதறல் சராசரிக்கு ஈடானது என்பதால், அளவைக் கொண்டு வயதைக் கணிப்பது பலவீனமான முறை. அதே எடுத்துக்காட்டில், ஒற்றைச் சிற்றினப் பேரினங்களின் சராசரி வயது எல்லாப் பேரினங்களின் சராசரி வயதில் பாதி. அந்த அளவுக்கு வில்லிஸ் சொன்ன திசை சரி. ஆனால் அவற்றில் 13.5 விழுக்காடு, அதாவது ஏழில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவை, பொதுச் சராசரி வயதைத் தாண்டிய பழம் பேரினங்கள். ஒருமுறைகூடப் பிளக்காமல் தற்செயலாகத் தனித்து நின்றவை. அழிவையும் சேர்த்துக்கொண்டால், ஒரு காலத்தில் பெரிதாக இருந்து தேய்ந்து எஞ்சியவையும் இவற்றோடு கலந்துவிடும். அவற்றைப் பிரித்தறியத் தூய பிறப்பு நிகழ்முறையில் வழி இல்லை. வில்லிஸை மறுத்தவர்கள் எழுப்பிய ஆட்சேபங்களுள் ஒன்றும் இத்தகைய எச்ச இனங்களைப் பற்றியதே.